‘எல்லாம் சேர்த்து 32,800 ரூபாய்!’ - இதில் ஜிஎஸ்டி எவ்வளவு? இரண்டு விகிதம் கலந்த பில்லைப் பிரிப்பது எப்படி?

பௌர்ணமி வந்தால் திருவண்ணாமலையில் லாட்ஜ் கவுன்டர்களுக்கு ஓய்வே கிடையாது. 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, கால் வலியோடு வந்து அறையைக் காலி செய்பவர்கள் ஒரு பக்கம். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி அறை கேட்பவர்கள் இன்னொரு பக்கம். அந்த நெரிசலில் பில்லை யாரும் நின்று நிதானமாகப் படிப்பதில்லை. “டோட்டல் எவ்ளோ சார்?” என்ற ஒரே கேள்வியோடு விஷயம் முடிந்துவிடும்.

பிரச்னை ஊருக்குப் போன பிறகுதான் தொடங்கும். ஓர் உதாரணத்தைப் பார்க்கலாம். சென்னையில் உள்ள ஒரு சிறு நிறுவனம், தன் ஊழியர்கள் 10 பேருக்கு இரண்டு நாள் பயிற்சியைத் திருவண்ணாமலையில் வைக்கிறது. ஐந்து அறைகள், இரண்டு இரவுகள். பயிற்சிக்கு லாட்ஜிலேயே உள்ள சிறிய ஹால். கடைசியில் கையில் கிடைக்கும் சீட்டில் இருப்பது ஒரே வரி: ‘மொத்தம் ரூ.32,800, ஜிஎஸ்டி உட்பட’.

நிறுவனத்தின் கணக்காளர் கேட்கும் கேள்வி எளிமையானது. “இதுல அசல் எவ்வளவு, வரி எவ்வளவு?” பதில்தான் அவ்வளவு எளிமையாக இல்லை. ஏனென்றால், அறைக்கு ஒரு வரி விகிதம். ஹாலுக்கு வேறொரு விகிதம்.

எதற்கு எவ்வளவு வரி?

ஜிஎஸ்டி கவுன்சிலின் 56-வது கூட்டம் 2025 செப்டம்பர் 3-ம் தேதி எடுத்த முடிவுகள், அந்த மாதம் 22-ம் தேதி அமலுக்கு வந்தன. அதன்படி, ஒரு நாளுக்கு ரூ.7,500 வரை வாடகை உள்ள ஹோட்டல் அறைக்கு 5 சதவிகித வரி. அதற்கு முன்பு இது 12 சதவிகிதமாக இருந்தது. ரூ.7,500-ஐத் தாண்டும் அறைக்கு 18 சதவிகிதம். நிகழ்ச்சிக்காக ஹாலை வாடகைக்கு விட்டால் அதற்கும் 18 சதவிகிதம்.

ஆக, நம் உதாரணத்தில் அறைக்கு 5, ஹாலுக்கு 18. ஒவ்வொரு விகிதமும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று சரிபாதியாகப் பிரியும். அறையில் இரண்டரை, இரண்டரை. ஹாலில் ஒன்பது, ஒன்பது.

எல்லோரும் செய்யும் முதல் தவறு

இரண்டு விகிதத்துக்குப் போவதற்கு முன், ஒரே விகிதம் உள்ள பில்லிலேயே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஹால் வாடகை வரியோடு சேர்த்து ரூ.11,800 என்று வைத்துக்கொள்வோம். “18 சதவிகிதம்தானே?” என்று கால்குலேட்டரில் 11,800-க்கு 18 சதவிகிதம் போட்டால் ரூ.2,124 வரும். இது தவறு.

காரணம் இதுதான். 18 சதவிகிதம் என்பது அசல் விலையின் மீது போடப்பட்டது. வரி சேர்ந்த தொகையின் மீது போடப்பட்டதல்ல. அசல் 100 ரூபாய் என்றால் வரி 18, கையில் இருந்து போவது 118. அதாவது, நாம் கொடுக்கும் ஒவ்வொரு 118 ரூபாயிலும் 18 ரூபாய்தான் வரி. 11,800-ல் இப்படி நூறு ‘118’ இருக்கிறது. எனவே வரி ரூ.1,800. அசல் ரூ.10,000.

ஜிஎஸ்டி விதிகளில் 35-வது விதி சொல்வதும் இதைத்தான்:

வரி = வரி உட்பட்ட தொகை × விகிதம் ÷ (100 + விகிதம்)

இதையே இன்னும் சுருக்கமாகச் செய்யலாம். 18 சதவிகிதம் என்றால் தொகையை 1.18-ஆல் வகுத்தால் அசல் வந்துவிடும். 5 சதவிகிதம் என்றால் 1.05-ஆல் வகுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22-க்கு முந்தைய அறை பில்லாக இருந்தால் 1.12. தொகையில் இருந்து அசலைக் கழித்தால் மிச்சம் வரி.

சரியாகச் செய்தோமா என்று பார்க்க, கிடைத்த அசலுக்கு விகிதத்தைப் போட்டுக் கூட்டிப் பார்த்தால் போதும். 10,000-க்கு 18 சதவிகிதம் 1,800, கூட்டினால் 11,800. சரி. தவறான வழியில் வந்த அசல் 9,676. அதற்கு 18 சதவிகிதம் சேர்த்தால் 11,417.68 தான் வரும். பில் தொகையோடு ஒத்துப்போகாது. அங்கேயே குட்டு உடைந்துவிடும்.

இரண்டு விகிதம் வந்தால்?

ரூ.32,800-க்கு வருவோம். இங்கே ஆளுக்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். ஒருவர் 5-ஐயும் 18-ஐயும் கூட்டி 23 சதவிகிதம் என்பார். இன்னொருவர் சராசரி எடுத்து 11.5 சதவிகிதம் என்பார். மூன்றாமவர் “எதுக்கு வம்பு, பெரிய ரேட்டையே போடுவோம்” என்று மொத்தத்துக்கும் 18 போடுவார். மூன்றுமே தவறு. எந்த ரூபாயின் மீதும் இரண்டு விகிதம் சேர்ந்து விழவில்லை. சில ரூபாய்களின் மீது 5 விழுந்திருக்கிறது. மற்றவற்றின் மீது 18.

சரியான வழி, மொத்தத்தைத் தொடாமல் ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியாகப் பிரிப்பது. லாட்ஜில் விசாரித்தபோது, வரி உட்பட ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு ரூ.2,100, ஹாலுக்கு ரூ.11,800 என்று சொன்னதாக வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு நேராகிவிடுகிறது.

அறை: 5 அறை × 2 இரவு × 2,100 = ரூ.21,000. இதை 1.05-ஆல் வகுத்தால் அசல் ரூ.20,000. வரி ரூ.1,000.

ஹால்: ரூ.11,800. இதை 1.18-ஆல் வகுத்தால் அசல் ரூ.10,000. வரி ரூ.1,800.

மொத்தம்: அசல் ரூ.30,000. வரி ரூ.2,800. சேர்த்தால் ரூ.32,800.

மொத்தத்துக்கும் 18 சதவிகிதம் என்று கால்குலேட்டரில் தட்டியவருக்கு வரி ரூ.5,904 என்று வந்திருக்கும். உண்மையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். நிறுவனம் இதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள நினைத்தால், லாட்ஜ் தாக்கல் செய்த கணக்கில் 2,800 தான் இருக்கும். அதிகமாக எடுத்துப் பயன்படுத்தியதை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

மொத்தம் மட்டும் தெரிந்தால்?

அறைக்கு எவ்வளவு, ஹாலுக்கு எவ்வளவு என்று தெரியாது, 32,800 என்ற எண் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால்? ஒரு வார்த்தையில் பதில்: முடியாது.

இது கணக்குத் தெரியாத குறை அல்ல. அந்த எண்ணுக்குள் அந்தத் தகவலே இல்லை. ஹாலுக்கு ரூ.23,600-ம் அறைகளுக்கு ரூ.9,200-ம் வாங்கியிருந்தாலும் மொத்தம் 32,800 தான். ஆனால், அப்போது ஹாலின் வரி ரூ.3,600, அறையின் வரி ரூ.438.10. சேர்த்து ரூ.4,038.10. மொத்தம் ஒன்றேதான், வரி ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு மேல் மாறிவிட்டது. எந்த ஆப்பும், எந்த ஆடிட்டரும் வெறும் மொத்தத்தை வைத்து இதில் எது உண்மை என்று சொல்ல முடியாது.

ஒரே ஒரு கூடுதல் விவரம் கிடைத்தால் நிலைமை மாறும். சில பில்களில் மொத்தத்தின் கீழே ‘இதில் ஜிஎஸ்டி ரூ.2,800’ என்று மட்டும் இருக்கும். எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று இருக்காது. அதுவே போதும். பள்ளியில் ஆட்டுக்கு நாலு கால், கோழிக்கு ரெண்டு கால் என்று எண்ணிக் கண்டுபிடித்தோமே, அதே கணக்குதான்.

மொத்தத்தில் வரியைக் கழித்தால் அசல் ரூ.30,000. இந்த முழுத் தொகைக்கும் 5 சதவிகிதம்தான் என்று வைத்துக்கொண்டால் வரி ரூ.1,500 வரவேண்டும். ஆனால் பில்லில் இருப்பது 2,800. கூடுதலாக இருப்பது ரூ.1,300. 5 சதவிகிதப் பக்கம் இருக்கும் ஒரு ரூபாயை 18 சதவிகிதப் பக்கம் மாற்றினால் வரி 13 பைசா கூடும். அப்படியென்றால் 1,300 ரூபாய் கூட வேண்டுமானால் எத்தனை ரூபாய் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்? 1,300-ஐ 0.13-ஆல் வகுத்தால் 10,000. இதுதான் ஹாலின் அசல். மிச்சம் 20,000 அறையின் அசல்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. பில்லில் இரண்டே விகிதங்கள்தான் இருக்க வேண்டும். வரியே இல்லாத பொருள் ஒன்று மூன்றாவதாகச் சேர்ந்தால், மொத்தமும் வரியும் மட்டும் தெரிந்தால் போதாது. கோயில் நகரத்தில் இது நடக்கக்கூடிய விஷயம்தான். பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும், பொதுமக்களுக்கான வழிபாட்டுத் தலத்தின் வளாகத்தில் நாளுக்கு ரூ.1,000-க்குக் குறைவான அறைக்கும், ரூ.10,000-க்குக் குறைவான மண்டபத்துக்கும் ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அந்த ரசீதை லாட்ஜ் பில்லோடு சேர்த்துக் கூட்டிவிட்டுப் பிறகு பிரிக்கப் பார்த்தால் விடை தப்பாகத்தான் வரும். விலக்கு பெற்ற தொகையை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும்.

கணக்குப் போட்டு வந்த விடை நம்பத்தக்கதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அறையின் அசலை மொத்த இரவுகளால் வகுத்துப் பாருங்கள். 20,000-ஐ 10-ஆல் வகுத்தால் ஓர் இரவுக்கு 2,000. தங்கிய அறைக்குப் பொருத்தமான வாடகை. ஓர் இரவுக்கு 437 ரூபாய் என்றோ, மைனஸிலோ விடை வந்தால் பில்லில் வேறு ஏதோ கலந்திருக்கிறது அல்லது லாட்ஜே விகிதத்தைத் தப்பாகப் போட்டிருக்கிறது என்று அர்த்தம்.

“ரவுண்டா முப்பத்திரெண்டு குடுத்துடுங்க சார்”

நிஜ வாழ்க்கையில் பில் இவ்வளவு அழகான எண்களில் முடிவதில்லை. பேரம் நடக்கும். “முப்பத்திரெண்டாயிரத்து எண்ணூறா? பத்துப் பேர் வந்திருக்கோம், கொஞ்சம் பாத்துப் போடுங்கண்ணே” என்றால், “சரி, ரவுண்டா முப்பத்திரெண்டு குடுத்துடுங்க சார்” என்று மேனேஜர் சொல்வார். 800 ரூபாய் தள்ளுபடி. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் இந்த 800 எதில் குறைந்தது, அறையிலா, ஹாலிலா?

ஜிஎஸ்டி சட்டத்தின் 15-வது பிரிவின்படி, விற்கும்போதே கொடுத்து பில்லிலும் காட்டப்பட்ட தள்ளுபடிக்கு வரி கிடையாது. தள்ளுபடி போக மீதித் தொகைக்குத்தான் வரி. எதில் குறைத்தோம் என்பதைப் பொறுத்து வரி மாறும்.

முழு 800-ஐயும் அறையில் குறைத்தால் மொத்த வரி ரூ.2,761.90. முழுவதையும் ஹாலில் குறைத்தால் ரூ.2,677.97. வாடிக்கையாளர் கொடுப்பது இரண்டிலும் 32,000 தான். வித்தியாசமான 83.93 ரூபாய் அரசுக்குப் போகிறதா, லாட்ஜிலேயே தங்குகிறதா என்பதுதான் கேள்வி. வரி உட்பட்ட விலை நிலையாக இருக்கும்போது, வரி குறைந்தால் அந்த அளவுக்கு விற்பவரின் அசல் கூடும்.

‘ஹால் வாடகையில் 800 குறைத்துக்கொள்கிறோம்’ என்று பேசியிருந்தால் ஹாலில் குறைப்பது நியாயம். மொத்தத்தில்தான் குறைத்தார்கள் என்றால், இரண்டிலும் அதனதன் அளவுக்கு ஏற்பப் பங்கிடுவதே நேர்மையான வழி. 32,800 என்பது 32,000 ஆகும்போது ஒவ்வொரு வரிசையும் அதே விகிதத்தில் சுருங்க வேண்டும்.

அறை: 21,000 × 32,000 ÷ 32,800 = ரூ.20,487.80

ஹால்: 11,800 × 32,000 ÷ 32,800 = ரூ.11,512.20

இனி பழைய வழிதான். அறைத் தொகையை 1.05-ஆலும் ஹால் தொகையை 1.18-ஆலும் வகுக்க வேண்டும். அறையின் அசல் ரூ.19,512.19, வரி ரூ.975.61. ஹாலின் அசல் ரூ.9,756.10, வரி ரூ.1,756.10.

இங்கே ஒரு பைசா சிக்கல் வரும். 975.61-ஐ இரண்டாகப் பிரித்தால் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் சமமாக வராது. ஒரு பைசா இடிக்கும். இரண்டு பக்கமும் 487.80 என்று எழுதிவிட்டு, அந்த ஒரு பைசாவை அசலோடு சேர்த்து 19,512.20 ஆக்கினால் வரிசை மறுபடி 20,487.80-க்குச் சரியாக வந்துவிடும். ஹாலின் வரி இரண்டு 878.05-களாகத் தானே பிரிந்துவிடும். பில்லில் ஒன்றிரண்டு பைசா இப்படி நகர்ந்திருப்பதைப் பார்த்துச் சண்டைக்குப் போக வேண்டாம். ரூபாய்க் கணக்கில் நகர்ந்திருந்தால்தான் கேட்க வேண்டும்.

அப்படி நகர்த்துகிறவர்களும் இருக்கலாம். அதே 32,800 ரூபாயை, ஹாலுக்கு 1,180 என்றும் அறைகளுக்கு 31,620 என்றும் எழுதினால் மொத்த வரி ரூ.1,685.71 ஆகச் சுருங்கிவிடும். 1,114 ரூபாய்க்கு மேல் ‘லாபம்’. ஆனால் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. போர்டில் 2,100 என்று இருக்கும் அறைக்கு இந்த பில்லில் மட்டும் ஓர் இரவுக்கு 3,162 எப்படி வந்தது? சட்டப்படி, உண்மையில் வாங்கிய விலைதான் வரி போட வேண்டிய விலை. பில் எழுதும்போது தோன்றிய விலை அல்ல.

‘பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் எழுதினால்?

தள்ளுபடியிலும் விலையை நகர்த்துவதிலும் பார்த்த வித்தியாசங்கள் நூறு ரூபாய்க்கும் குறைவில் இருந்து ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் வரை. இனி வருவது அதைவிடப் பெரியது.

அறைக்கு இவ்வளவு, ஹாலுக்கு இவ்வளவு என்று பிரிக்காமல், ‘பயிற்சி பேக்கேஜ் - ரூ.32,800’ என்று ஒரே விலையில் விற்று ஒரே வரியில் பில் போட்டால் என்ன ஆகும்? ஜிஎஸ்டி சட்டத்தின் 8-வது பிரிவு இதற்கு இரண்டு வழிகளை வைத்திருக்கிறது.

முதலாவது, இயல்பாகவே சேர்ந்து வருபவை. அறையோடு காலை டிபன் கொடுப்பதுபோல. இங்கே அறைதான் முக்கியம். டிபன் துணைக்கு வருவது. எனவே முக்கியமானதன் வரி விகிதமே முழுத் தொகைக்கும் பொருந்தும். பிரிக்க வேண்டிய வேலையே இல்லை.

இரண்டாவது, தனித்தனியாக விற்கக்கூடியவற்றை ஒரே விலைக்குக் கட்டிக் கொடுப்பது. இதில் எதற்கு அதிக விகிதமோ, அதுவே முழுத் தொகைக்கும் வரும்.

அறையும் பயிற்சி ஹாலும் தனித்தனியாகக் கிடைப்பவை. ஹால் எடுக்காமல் அறை எடுக்கலாம். அறை எடுக்காமல் ஹால் எடுக்கலாம். இரண்டையும் ஒரே விலையில் கட்டினால், முழுவதற்கும் 18 சதவிகிதம் கேட்க வரி அதிகாரிக்கு வாய்ப்பு கிடைத்துவிடும். நிகழ்ச்சிதான் இங்கே முக்கியம், அறை துணைக்கு வந்தது என்று பார்த்தாலும் 18 தான். அறைதான் முக்கியம் என்று நிரூபித்தால் மட்டுமே 5-க்கு இறங்கும்.

32,800-க்கு முழுவதும் 18 சதவிகிதம் என்றால் வரி ரூ.5,003.39. தனித்தனியாக விலை பேசி எழுதியிருந்தால் ரூ.2,800. இடையில் இருக்கும் 2,203.39 ரூபாயை வாடிக்கையாளரிடம் திரும்பப் போய்க் கேட்க முடியாது. ‘வரி உட்பட’ என்று சொல்லி வாங்கியாயிற்று. லாட்ஜ் தன் கையில் இருந்துதான் கட்ட வேண்டும். பில்லில் ஒரு வரி மிச்சம் பிடித்ததற்கான விலை இது.

ரூ.8,200 வாடகை: இருக்கவே முடியாத விலை

பௌர்ணமி, கார்த்திகை தீபம் நாட்களில் சில அறைகளின் வாடகை ரூ.7,500 எல்லையை உரசிப் பார்க்கும். அங்கே ஒரு விநோதம் காத்திருக்கிறது.

ஓர் அறை, ஓர் இரவு, வரி உட்பட ரூ.8,200 என்று ஒரு லாட்ஜ் சொல்கிறது. இதைப் பிரித்துப் பார்ப்போம். 5 சதவிகிதம் என்று எடுத்து 1.05-ஆல் வகுத்தால் அசல் ரூ.7,809.52. இது 7,500-ஐத் தாண்டிவிட்டது. எனவே 5 சதவிகிதம் செல்லாது. 18 சதவிகிதம் போட வேண்டும். சரி, 1.18-ஆல் வகுத்தால் அசல் ரூ.6,949.15. இது 7,500-க்குள் வந்துவிட்டது. எனவே 18 செல்லாது. 5 தான் போட வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் கதவு மூடியிருக்கிறது.

காரணம், எல்லை அசல் விலையில் இருக்கிறது. லாட்ஜ் சொல்வது வரி சேர்ந்த விலை. அசல் 7,500 வரை வரியோடு சேர்த்து அதிகபட்சம் ரூ.7,875. அதைத் தாண்டி ஒரு ரூபாய் ஏறினாலும் விகிதம் 18 ஆகி, விலை ரூ.8,850-க்கு மேல் தாவிவிடும். எனவே 7,875-க்கும் 8,850-க்கும் நடுவில் வரி உட்பட்ட அறை வாடகை எதுவும் சரியாக இருக்க முடியாது. அந்த இடைவெளியில் ஒரு விலை பில்லில் இருந்தால், கணக்குப் போடாமலே சொல்லிவிடலாம்: விகிதம் தவறு.

இங்கே பார்க்கப்படுவது, ஓர் அறைக்கு ஒரு நாளுக்கு உண்மையில் வாங்கிய வாடகை. போர்டில் எழுதியிருக்கும் ரேட் அல்ல. இரண்டு இரவுக்குச் சேர்த்து 9,000 என்றால் ஒரு நாளுக்கு 4,500 தான். 5 சதவிகிதத்திலேயே இருக்கும்.

கவுன்டரிலேயே கேட்க வேண்டியது

ஜிஎஸ்டி விதிகளின் 46-வது விதி, வரி பில்லில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. விற்றது என்ன, வரிக்கு உட்பட்ட மதிப்பு எவ்வளவு, என்ன விகிதம், எவ்வளவு வரி ஆகியவை எல்லாம் அதில் உண்டு. விலைக்குள் அடங்கிய வரியை பில்லில் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது சட்டத்தின் 33-வது பிரிவு. ‘எல்லாம் சேர்த்து’ என்ற ஒற்றை வரி, இந்த இரண்டுக்கும் போதாது.

இன்னொன்று: பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லையென்றால் பிரிப்பதற்கு வரியே கிடையாது. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி என்ற பெயரில் பணம் வாங்கவே கூடாது. அங்கே 1.18-ஐயும் 1.05-ஐயும் தேட வேண்டாம்; முழுத் தொகையும் அசல்தான்.

லாட்ஜ்காரர்களைப் பொறுத்தவரை இதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. அறைக்கு ஒரு வரிசை, ஹாலுக்கு ஒரு வரிசை, தள்ளுபடி கொடுத்தால் அது எதில் என்று ஒரு குறிப்பு. அவர்கள் வரி தாக்கல் செய்யும்போது விகித வாரியாகத்தான் எழுதியாக வேண்டும். எப்படியும் பிரிக்கப்போகிற தொகையை, வாடிக்கையாளர் கண்முன்னே பிரித்துக் கொடுப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை.

வாடிக்கையாளர் செய்ய வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான். காசைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடிப்பதற்கு முன், “ரூமுக்கு தனியா, ஹாலுக்கு தனியா போட்டுக் குடுங்கண்ணே” என்று கேட்பது. கம்பெனி பெயரில் பில் வேண்டுமென்றால் கம்பெனியின் ஜிஎஸ்டி எண்ணையும் அப்போதே கொடுத்துவிடுவது. இந்த இரண்டு நிமிடத்தைக் கவுன்டரில் விட்டுவிட்டால், சென்னையில் உட்கார்ந்துகொண்டு 32,800 என்ற எண்ணை எத்தனை முறை வகுத்தாலும் விடை கிடைக்காது.